எந்தத் தேதிக்குள், யார்? ஒரு வாடகை ஒப்பந்தத்தைத் தமிழாக்கிய அனுபவம்

குரோம்பேட்டையில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். குடிவருகிற இளைஞர் ஒடிசாக்காரர், அவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. புரோக்கர் வழக்கம்போல் எங்கிருந்தோ எடுத்த ஆங்கில ஒப்பந்த மாதிரி ஒன்றில் பெயரையும் தொகையையும் நிரப்பிக் கொடுத்துவிட்டார். 2025 ஜூன் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை 11 மாதம். வாடகை 18,000, அட்வான்ஸ் 54,000. கையெழுத்துப் போடுவதற்கு முன் தமிழில் ஒரு பிரதி வேண்டும் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். தெரிந்தவர், நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் கையில் ஏற்கெனவே ஒரு தமிழ்ப் பிரதி இருந்தது. யாரோ தட்டச்சு செய்து கொடுத்தது. மேலோட்டமாகப் படித்தால் ஒரு குறையும் தெரியாது. பெயர், முகவரி, தொகை எல்லாம் சரி. ஆனால் கடமைகளும் கெடுவும் வருகிற ஐந்தாறு பிரிவுகளில் ஆங்கிலம் சொல்வது ஒன்று, தமிழ் சொல்வது வேறொன்று. ஒப்பந்தத்தின் மற்ற பக்கங்களை எப்படி எழுதினாலும் பெரிய சண்டை வராது. பணம் கைமாறுவதும் வீடு கைமாறுவதும் இந்தப் பிரிவுகளில்தான் இருக்கிறது.

முதலில் கண்ணில் பட்டது வாடகைப் பிரிவு. ஆங்கிலத்தில், ஒவ்வொரு ஆங்கில மாதத்தின் வாடகையையும் அந்த மாதம் 5ஆம் தேதியன்றோ அதற்கு முன்போ 'இன் அட்வான்ஸ்' ஆகச் செலுத்த வேண்டும் என்று இருந்தது. பழைய தமிழ்ப் பிரதி அதை இப்படி ஆக்கியிருந்தது:

> வாடகைதாரர் பிரதி மாதம் 5ஆம் தேதிக்குள் அட்வான்ஸாக ரூ. 18,000 செலுத்துவார்.

"இது என்ன தம்பி, மாசா மாசம் அட்வான்ஸ் வாங்கணும்னு போட்டிருக்கு? நான் அப்படிக் கேக்கவே இல்லையே" என்றார் அக்கா. சரியான கேள்வி. நம் ஊரில் வீட்டு விஷயத்தில் அட்வான்ஸ் என்றால் திருப்பித் தர வேண்டிய காப்புத் தொகை. ஆங்கிலப் பத்தி சொன்னது மாத ஆரம்பத்திலேயே அந்த மாத வாடகையைக் கொடுப்பது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. முடிந்த மாதத்துக்குக் கொடுப்பதா, நடக்கிற மாதத்துக்குக் கொடுப்பதா என்ற முக்கியமான விஷயம் காணாமல் போய்விட்டது. கடைசி மாதம் காலி செய்யும்போது பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வதே இதுதான். 'லீஸ்' என்ற சொல்லையும் இதேபோல் அப்படியே எடுத்து எழுதக் கூடாது. ஆங்கிலப் பத்திரத்தில் அது எந்த வாடகையையும் குறிக்கும். சென்னையில் 'வீடு லீஸுக்கு' என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது.

அடுத்தது 'செலுத்துவார்'. ஆங்கில ஒப்பந்தத்தில் 'ஷல்' வந்தால் பலர் கைப்பழக்கத்தில் எதிர்கால வினை போட்டுவிடுகிறார்கள். 'செலுத்துவார்' என்பது தமிழில் கடமையாக இருக்கலாம், வழக்கமாக இருக்கலாம், வெறும் எதிர்பார்ப்பாகவும் இருக்கலாம். 'அவர் 5ஆம் தேதி வாடகை கொடுப்பார், நல்ல மனுஷன்' என்று பேச்சில் சொல்கிறோமே, அங்கே யாரும் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. கடமைக்குத் தமிழில் 'வேண்டும்' இருக்கிறது, அதைவிடத் தெளிவாக வேறு எதுவும் தேவையில்லை. பழைய பத்திரங்களில் வரும் 'கடவர்' இன்னும் அழுத்தமானதுதான். ஆனால் படிக்கிறவருக்குச் சட்டென்று புரிய வேண்டுமே. அதனால் ஆவணம் முழுக்க ஒரே ஒழுங்கு வைத்துக்கொண்டேன். கடமை என்றால் 'வேண்டும்', தடை என்றால் 'கூடாது', உரிமை என்றால் 'உரிமை உண்டு' அல்லது 'லாம்'. நடை சலிப்பாக இருக்கும்தான். இருந்தாலும் அழகுக்காக ஓரிடத்தில் 'செலுத்த வேண்டும்', இன்னோர் இடத்தில் 'செலுத்துதல் அவசியம்' என்று மாற்றி எழுதினால், படிக்கிறவர் இரண்டுக்கும் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார். வக்கீல் நிச்சயம் தேடுவார்.

நான் எழுதியது:

> ஒவ்வொரு ஆங்கில மாதத்துக்கும் உரிய வாடகை ரூ. 18,000-ஐ, அதே மாதம் 5ஆம் தேதியன்றோ அதற்கு முன்போ, வாடகைதாரர் வீட்டு உரிமையாளரிடம் செலுத்த வேண்டும்.

'5ஆம் தேதிக்குள்' என்று விட்டிருந்தால் என்ன என்று கேட்கலாம். இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் 5ஆம் தேதி ராத்திரி வரை டைம் இருக்கிறது என்பார். இன்னொருவர் 5ஆம் தேதி விடியும்போது பணம் கையில் இருக்க வேண்டும் என்பார். 'உள்' என்ற சொல்லில் அந்த நாள் சேர்த்தியா இல்லையா என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறுகிறது. தாமதமானால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் எழுதிய ஒப்பந்தத்தில் இந்த ஒரு நாள் தகராறு மாதாமாதம் வரும்.

மறுப்புகளிலும் இதே கவனம் வேண்டும். சொத்து வரியும் தண்ணீர் வரியும் வாடகைதாரர் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஆங்கிலம் சொன்னது. பழைய பிரதியில் 'வாடகைதாரர் சொத்து வரி, தண்ணீர் வரி செலுத்தக் கூடாது' என்று இருந்தது! கடமை இல்லை என்பது தடை ஆகிவிட்டது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரம் கடைசித் தேதி நெருங்குகிறதே என்று அந்த இளைஞர் தண்ணீர் வரியைக் கட்டிவிட்டால், அவர் ஒப்பந்தத்தை மீறியவர் ஆவார். 'செலுத்த வேண்டியதில்லை' என்றால் விஷயம் முடிந்தது. 'வேண்டாம்' என்று எழுதுபவர்களும் உண்டு. அது பேச்சில் சில சமயம் சலுகை, சில சமயம் தடை. ஆவணத்தில் அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இனி, என்னை அதிக நேரம் பிடித்து வைத்த இரண்டு பிரிவுகள். முதலாவது, அட்வான்ஸைத் திருப்பித் தருவது. வாடகைதாரர் வீட்டைக் காலியாக ஒப்படைக்கும் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் வீட்டு உரிமையாளர் காப்புத் தொகையைத் திருப்பித் தர வேண்டும், வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, சேதம் ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம், இயல்பான தேய்மானம் சேதத்தில் சேராது என்பது ஆங்கிலத்தின் சாரம். தமிழ்ப் பிரதியில் இருந்தது இது:

> வாடகைதாரர் வீட்டைக் காலி செய்து 30 நாட்களில் அட்வான்ஸ் தொகை பாக்கி, சேதம் கழித்துத் திருப்பித் தரப்படும்.

ஒரே வரியில் எவ்வளவு கோளாறு பாருங்கள். 'தரப்படும்' என்றால் யார் தருவது? கடமைப் பிரிவில் செயப்பாட்டு வினை வந்தால் கடமைக்கு ஆள் இல்லாமல் போய்விடும். ஆங்கிலத்தில் செயப்பாட்டில் இருந்தாலும் நான் தமிழில் ஆளைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்திவிடுவேன். ஆள் யார் என்று ஆங்கிலத்திலேயே தெரியவில்லை என்றால், அது மொழிபெயர்ப்பாளர் தீர்க்கக் கூடிய விஷயமில்லை, எழுதியவர்களிடம் கேட்க வேண்டியது.

'காலி செய்து' என்பது வினையெச்சம். பெரும்பாலும் வினையெச்சத்துக்கும் அது போய் முடிகிற வினைக்கும் எழுவாய் ஒன்றாகவே இருக்கும். 'அவர் சாப்பிட்டுத் தூங்கினார்' என்றால் சாப்பிட்டவரும் தூங்கியவரும் ஒருவர்தான். 'வீட்டைக் காலி செய்து திருப்பித் தர வேண்டும்' என்று எழுதினால் காலி செய்கிறவரும் பணம் தருகிறவரும் ஒரே ஆளாகிவிடுவார். இருவர் செய்யும் இரண்டு காரியங்களைச் சேர்க்கும்போது 'காலி செய்த நாள்', 'ஒப்படைத்த பிறகு' என்று பெயரெச்சமாக மாற்றினால் ஆட்கள் தனித்தனியாக நிற்பார்கள். ஒப்பந்தத் தமிழில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இதுதான். படிக்கிறவர் சூழலை வைத்துச் சரியாகப் புரிந்துகொள்வதால் யாரும் கவனிப்பதில்லை. தகராறு வரும்போதுதான் ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பார்கள்.

அப்புறம் '30 நாட்களில்'. 'பத்து நாளில் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால், பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பத்து நாள் போகட்டும் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கடன் கொடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கடைசியாக, தேய்மானம் பற்றிய விலக்கு முழுசாகவே விடுபட்டிருந்தது. சுவரில் வெயில் பட்டு மங்கிய சுண்ணாம்புக்கும் ஆணி அடித்துப் பெயர்ந்த சுண்ணாம்புக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம்கூட, 108ஆம் பிரிவில், வாடகைதாரர் வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும்போது நியாயமான தேய்மானத்தை விலக்கித்தான் சொல்கிறது. ஒப்பந்தத்தில் 'நீங்கலாக', 'தவிர', 'ஆனால்' என்று ஆரம்பிக்கிற துண்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை முதலில் தேடிவிட்டுத்தான் நான் மற்றதை எழுதுவேன். நீண்ட ஆங்கில வாக்கியத்தின் வாலில் தொங்குவதால், தமிழில் வாக்கியத்தைத் திருப்பிப் போடும்போது முதலில் அறுந்து விழுவது அதுதான்.

ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக இருந்ததை நான் மூன்றாக உடைத்தேன்:

> வாடகைதாரர் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த நாளுக்கு மறுநாளை முதல் நாளாகக் கணக்கிட்டு, 30ஆம் நாள் முடிவதற்குள், வீட்டு உரிமையாளர் காப்புத் தொகையை வாடகைதாரரிடம் திருப்பித் தர வேண்டும். அந்தத் தொகையிலிருந்து வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யும் செலவு ஆகியவற்றை மட்டும் வீட்டு உரிமையாளர் கழித்துக்கொள்ளலாம். வழக்கமான பயன்பாட்டால் ஏற்படும் தேய்மானத்துக்காக எதையும் கழிக்கக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மறுநாளை முதல் நாளாகக் கொள்ள வேண்டும் என்றோ, சாவி என்றோ ஆங்கிலத்தில் இல்லை. ஏப்ரல் 30 அன்று சாவி கைமாறினால், மறுநாள் முதல் எண்ணும்போது மே 30 கடைசி நாள். சாவி கொடுத்த நாளையும் சேர்த்தால் மே 29. மொழிபெயர்ப்பாளர் தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதலாமா? தெளிவாகத்தானே ஆக்கினோம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அது மொழிபெயர்ப்பு இல்லை, ஒப்பந்தத்தைத் திருத்துவது. நான் இரண்டு பேரையும் வைத்துக் கேட்டேன். இருவரும் மறுநாள் கணக்கு என்றார்கள், சாவி கொடுப்பதையே ஒப்படைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதை ஆங்கிலப் பிரதியிலும் சேர்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் இல்லாத தெளிவு தமிழில் மட்டும் இருந்தால், இரண்டு பேரும் இரண்டு வேறு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

ஒப்பந்தக் காலத்தின் ஆரம்பத்துக்கும் இதே கேள்வி வரும். சொத்து மாற்றச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, காலம் ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து தொடங்குவதாக எழுதியிருந்தால் அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்கிறது. நம் ஒப்பந்தத்தில் முடியும் தேதியும் எழுதியிருந்ததால் பெரிய குழப்பமில்லை. இருந்தாலும் 'ஜூன் 1இலிருந்து' என்று எழுதாமல் 'ஜூன் 1 முதல் ஏப்ரல் 30 வரை, இரண்டு நாட்களும் உட்பட' என்று எழுதினேன். தமிழ்க் காதுக்கு 'முதல்' என்றால் அந்த நாளும் சேர்த்திதான். 'இலிருந்து' என்பதில் அந்த உறுதி இல்லை.

இரண்டாவது, இடையில் முடித்துக்கொள்ளும் பிரிவு. இதுதான் உண்மையிலேயே பணம் புரள்கிற இடம். பழைய பிரதி:

> முதல் ஆறு மாதம் லாக்-இன். அதன்பின் ஒரு மாத நோட்டீஸில் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்படலாம்.

ஆங்கிலத்தில் 'இரு தரப்பில் யாரும்' என்று தெளிவாக இருந்தது. தமிழில் ஆள் காணவில்லை. வழக்கமாக இதை நடைக்குறை என்று விட்டுவிடுவார்கள். இங்கே அப்படி விட முடியாது. அதே 110ஆம் பிரிவின் கடைசிப் பகுதி, காலம் முடியும் முன்பே முடித்துக்கொள்ளலாம் என்று எழுதி, யார் விருப்பப்படி என்று சொல்லாமல் விட்டால், அந்த உரிமை வாடகைதாரருக்குத்தான், வீட்டு உரிமையாளருக்கு இல்லை என்று சொல்கிறது. அந்தத் தமிழ்ப் பிரதி மட்டும் செல்லுபடியானால், அக்காவுக்கு இடையில் வீட்டைக் கேட்கும் உரிமையே இல்லாமல் போயிருக்கும். ஒரு 'படலாம்' செய்கிற வேலை.

இன்னொரு விஷயம் ஆங்கிலத்திலேயே மறைந்திருந்தது. முதல் ஆறு மாதத்தில் யாரும் முடிக்கக் கூடாது, 'அதன் பிறகு' ஒரு மாதத்துக்குக் குறையாத முன்னறிவிப்புக் கொடுத்து முடிக்கலாம் என்று இருந்தது. ஆங்கிலத்தில் அந்த 'அதன் பிறகு' முடிப்பதோடு சேர்கிறதா, அறிவிப்புக் கொடுப்பதோடு சேர்கிறதா என்று யாரும் யோசிக்காமல் கடந்துவிடலாம். தமிழில் 'அதன் பிறகு முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்' என்று எழுதினால் அறிவிப்பே ஆறு மாதம் கழித்துத்தான் என்று படிக்கும். 'முன்னறிவிப்புக் கொடுத்து, அதன் பிறகு' என்று இடம் மாற்றினால் வேறு அர்த்தம். தமிழில் வார்த்தையை எங்கே வைப்பது என்று கை தயங்கும்போது, அநேகமாக ஆங்கிலத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

தேதி வைத்துப் பார்த்தோம். முதல் ஆறு மாதம் நவம்பர் 30இல் முடிகிறது. அறிவிப்பை முன்னாலேயே கொடுக்கலாம் என்றால், அந்த இளைஞர் அக்டோபர் கடைசியில் கடிதம் கொடுத்துவிட்டு டிசம்பர் 1 அன்று கிளம்பலாம். ஆறு மாதம் முடிந்த பிறகுதான் கடிதமே கொடுக்கலாம் என்றால், டிசம்பர் 1 அன்று கொடுத்து ஜனவரி 1 வரை இருக்க வேண்டும். நடுவில் ஒரு மாத வாடகை, 18,000 ரூபாய். அக்கா ஒருவிதமாக நினைத்திருந்தார், இளைஞர் வேறுவிதமாக. நல்லவேளை, இருவரும் அதைக் கேட்டதும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் பேசி, கடிதத்தை முன்னால் கொடுக்கலாம், ஆனால் வெளியேறுவது டிசம்பர் 1க்கு முன் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஆங்கிலமும் திருத்தப்பட்டது.

அப்புறம் அந்த ஒரு மாதம் எப்போது ஆரம்பிக்கிறது? 'நோட்டீஸ் கொடுத்த' நாளா, 'கிடைத்த' நாளா? தபாலில் போனால் நான்கைந்து நாள் வித்தியாசம் வரும். ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லாதபோது பொருந்தும், சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவில், 2002 கடைசியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, 15 நாள் அறிவிப்புக் காலம் அது கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. நம் ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் எந்த நாளிலிருந்து என்று எழுதவில்லை. இதையும் கேட்டு, 'கிடைத்த நாள்' என்று முடிவாயிற்று.

ஒரு மாதத்தை '30 நாள்' என்று மாற்றி எழுதுவதும் வழக்கத்தில் இருக்கிறது. அறிவிப்பு 2026 ஜனவரி 31 அன்று கிடைத்தால் ஒரு மாதம் பிப்ரவரி 28இல் முடிந்துவிடும். 30 நாள் என்றால் மார்ச் 2. மூலத்தில் மாதம் இருந்தால் மாதம், நாள் இருந்தால் நாள். கூடவே 'ஆங்கில மாதம்' என்று சொல்லிவிடுவது நல்லது. தை பிறந்ததும் வீடு மாறுகிறேன், ஆடியில் மாற மாட்டேன் என்று பேசுகிற ஊரில் மாதம் என்றால் எது என்ற கேள்வி வேடிக்கையானது இல்லை.

கடைசியில் அந்தப் பிரிவு இப்படி நின்றது:

> 2025 நவம்பர் 30 வரை இருவரில் யாரும் இந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளக் கூடாது. 2025 டிசம்பர் 1 முதல், இருவரில் யார் வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். முடித்துக்கொள்ள விரும்புபவர் அதற்குக் குறைந்தது ஒரு ஆங்கில மாதம் முன்பே மற்றவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு மற்றவருக்குக் கிடைத்த நாளிலிருந்து அந்த ஒரு மாதம் கணக்கிடப்படும். அறிவிப்பை 2025 டிசம்பர் 1க்கு முன்பும் கொடுக்கலாம்.

'கணக்கிடப்படும்' என்று செயப்பாட்டு வினை வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். அது யாருடைய கடமையும் இல்லை, எண்ணும் முறை. அங்கே ஆள் தேவையில்லை.

பழுது பார்க்கும் பிரிவில் ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்கிறேன். வாடகைதாரர் எழுத்து மூலம் சொன்ன 15 நாளுக்குள் வீட்டு உரிமையாளர் பெரிய பழுதுகளைச் சரிசெய்ய வேண்டும், தவறினால் வாடகைதாரரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 'தவறினால்' என்று மட்டும் எழுதினால் யார் தவறினால் என்று வரும். ஏனென்றால் முந்தைய வாக்கியத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். 'வீட்டு உரிமையாளர் அந்த 15 நாளுக்குள் சரிசெய்யத் தவறினால்' என்று திரும்ப எழுதினேன். இலக்கியத்தில் கூறியது கூறல் குற்றம். ஒப்பந்தத்தில் அது பாதுகாப்பு. 'அவர்' என்ற சொல்லையும் ஆவணத்திலிருந்து அடியோடு எடுத்துவிட்டேன். இருவருக்கும் மரியாதை கொடுத்து எழுதும்போது 'அவர்' யார் என்பது தெரியாது.

இன்னொரு வாக்கியம் எல்லா ஆங்கில மாதிரிகளிலும் வரும், கெடுதான் ஒப்பந்தத்தின் உயிர் என்கிற மாதிரி. பழைய பிரதியில் 'நேரமே இந்த ஒப்பந்தத்தின் சாரம்' என்று இருந்தது. படித்தால் ஏதோ தத்துவம் மாதிரி இருக்கும். அதன் சட்டப் பொருள் வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, நேரம் முக்கியம் என்பது இரு தரப்பின் எண்ணமாக இருந்து, கெடுவுக்குள் ஒருவர் தன் கடமையைச் செய்யவில்லை என்றால், மற்றவர் விரும்பினால் ஒப்பந்தத்தையோ நிறைவேறாத பகுதியையோ ரத்து செய்யலாம். இதை இரண்டு பேரிடமும் விளக்கினேன். ஒரு நாள் வாடகை தாமதமானால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் எண்ணம் அக்காவுக்கு இல்லை. மாதிரியில் இருந்தது, அப்படியே வந்துவிட்டது. அந்த வாக்கியத்தை ஆங்கிலத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அது வேண்டும் என்று சொல்லியிருந்தால், 'இந்த ஒப்பந்தத்தில் சொன்ன கெடுக்களைத் தவறாமல் கடைப்பிடிப்பது அடிப்படை நிபந்தனை. ஒருவர் கெடுவைத் தவறினால் மற்றவருக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உண்டு' என்று எழுதியிருப்பேன்.

எழுதி முடித்ததும் நான் செய்கிற சோதனை, பிரதியை மறுபடி ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பார்ப்பது இல்லை. அது சொற்களைச் சோதிக்கும், தேதிகளைச் சோதிக்காது. அதற்குப் பதிலாக ஒரு காலண்டரை எடுத்துக்கொள்வேன். 'டிசம்பர் 10 அன்று பையன் கடிதம் கொடுக்கிறான், ஜனவரியில் கிளம்புகிறான். எந்தத் தேதி வரை வாடகை, எந்தத் தேதிக்குள் அட்வான்ஸ்?' என்று அக்காவிடம் கேட்டேன். அவர் தமிழ்ப் பிரதியை மட்டும் படித்து, சுவரில் இருந்த மாதக் காலண்டரில் பென்சிலால் குறித்தார். இளைஞர் ஆங்கிலப் பிரதியைப் பார்த்துத் தன் போனில் குறித்தார். அறிவிப்பு முடியும் நாள் இருவருக்கும் ஜனவரி 10. அன்றே சாவி கைமாறினால் அட்வான்ஸுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 9. அதுவும் ஒத்துப்போயிற்று.

ஒத்துப்போகாதது ஜனவரி வாடகை. பத்து நாள்தானே, பத்து நாள் வாடகை போதும் என்றார் இளைஞர். 5ஆம் தேதியே முழு மாத வாடகை வாங்கியிருப்பேனே என்றார் அக்கா. ஒப்பந்தத்தில் இரண்டு மொழியிலும் இதற்குப் பதில் இல்லை. நாள் கணக்கில் பிரித்து மீதியை அட்வான்ஸோடு சேர்த்துத் தருவது என்று பேசி, இரண்டு பிரதியிலும் ஒரு வரி சேர்த்தோம். மொழிபெயர்க்க ஆரம்பித்திருக்காவிட்டால் இது வெளியே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டு பிரதிக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்ற பிரிவைக் கடைசியில் வைத்தோம். இளைஞர் ஆங்கிலம் என்றார். அக்காவுக்குத் தயக்கம், தனக்குப் படிக்கத் தெரியாத பிரதி எப்படிச் செல்லும் என்று. அது நியாயமான தயக்கம்தான். சோதனையில் தேதிகள் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகு சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். தமிழ்ப் பிரதியின் எல்லாப் பக்கத்திலும் அந்தப் பையனும் கையெழுத்துப் போட வேண்டும், ஆங்கிலப் பிரதியின் பிரிவு எண்ணே தமிழிலும் இருக்க வேண்டும். பிரிவு எண்களை நான் முதலிலிருந்தே மாற்றாமல்தான் வைத்திருந்தேன். வாக்கியங்களை மூன்றாக உடைத்த இடங்களிலும் எண் ஒன்றுதான்.